வயலுக்கு ஆள் அனுப்பாத விருந்து

லூக்கா 15ஆம் அதிகாரத்தின் கடைசி உவமைக்கு நம் சபைகளில் இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. ஒரு பக்கத்தார் ‘கெட்ட குமாரன்’ என்பார்கள், இன்னொரு பக்கத்தார் ‘ஊதாரி மகன்’ என்பார்கள். இரண்டு பெயரிலும் மூத்தவனுக்கு இடமில்லை. ஆனால் உவமை தொடங்குவதே ஒரு மனிதனுக்கு இரண்டு பிள்ளைகள் என்றுதான். 11 முதல் 32 வரையுள்ள இருபத்திரண்டு வசனங்களில் கடைசி எட்டும் மூத்தவனைப் பற்றியவை. பெரும்பாலான பிரசங்கங்கள் 24ஆம் வசனத்தோடு, கொழுத்த கன்று அடிக்கப்பட்டு எல்லாரும் மகிழத் தொடங்கும் இடத்தில், நிறைவு பெறுகின்றன. நற்செய்திக் கூட்டத்துக்கு அது பொருத்தமான முடிவுதான். ஞாயிறு ஆராதனைக்கு அப்படியல்ல. ஏனென்றால் அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் தூரதேசத்துக்குப் போகவே இல்லை.

விடியும் முன்னே வந்து கோவிலைத் திறந்து மணியடிக்கும் கோவில்பிள்ளை, இருபது முப்பது ஆண்டுகளாக ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு மனப்பாட வசனம் சொல்லிக்கொடுத்த ஆசிரியை, அறுப்பின் பண்டிகை முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு பந்தியிடத்தில் அண்டா கழுவிக்கொண்டிருக்கும் பெண்கள், சேகரக் கணக்கை ஒரு ரூபாய் பிசகாமல் எழுதிவைக்கும் பொருளாளர் எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். கன்வென்ஷன் கூட்டத்தில் ஒலிவாங்கி கொடுக்கப்படுவது, குடித்து அழிந்து திரும்பி வந்தவருக்குத்தான். “ஆண்டவர் என்னை எங்கிருந்து தூக்கினார் தெரியுமா” என்று அவர் தொடங்கும்போது பந்தலே நிமிர்ந்து உட்காரும். அண்டா கழுவும் அம்மாவுக்குச் சொல்ல அப்படிப்பட்ட சாட்சி கிடையாது. விழுந்தால்தானே எழுந்த கதை இருக்கும்! இவர்களுக்கு இந்த உவமையை மூத்தவன் நிற்கும் இடத்திலிருந்து எப்படிப் பிரசங்கிப்பது என்பதுதான் கேள்வி. வழக்கத்தில் உள்ள வழி, “நீங்கள் எல்லாரும் பரிசேயர்கள், பொறாமையை விடுங்கள்” என்று கண்டிப்பது. அந்த வழி உவமையின் வாசகத்துக்கே மாறானது என்பது என் கருத்து. மூத்தவனின் குறையில் ஒரு பங்கு உண்மை என்று உவமையே காட்டுகிறது. தகப்பன் அவனைக் கண்டிக்கவில்லை, வெளியே வந்து கெஞ்சுகிறார். எனவே தகப்பன் எந்த வரிசையில் பேசினாரோ அந்த வரிசையிலேயே பிரசங்கியும் பேச வேண்டும்.

மூத்தவனை யாரென்று கொள்வது என்பதில் சபையின் வரலாறு முழுக்கவே இழுபறி இருந்திருக்கிறது. அகுஸ்தீன் உள்ளிட்ட பல சபைப் பிதாக்கள் மூத்தவனை யூத மக்களாகவும் இளையவனைப் புறஜாதியாராகவும் கொண்டார்கள். இந்த விளக்கத்தால் விளைந்த தீமை சிறிதல்ல. மூத்தவனின் முகச்சுளிப்பு வேறொரு இனத்தின் முகமாக்கப்பட்டதால், ஆராதனையில் இருந்தவர்கள் தங்களைச் சோதித்துப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. அந்தப் பிதாக்கள் பலருக்கும் முன்பே தெர்த்துல்லியன், கட்டளையை ஒருபோதும் மீறவில்லை என்ற பேச்சு இஸ்ரவேலின் வரலாற்றுக்கு எப்படிப் பொருந்தும் என்று சரியாகவே கேட்டிருந்தார். ஐந்தாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் சிரில் இந்த இன விளக்கத்தை ஒதுக்கிவிட்டு, அதிகாரத்தின் தொடக்கத்தில் இயேசுவைப் பார்த்து முறுமுறுத்தவர்களிடமே கதையைக் கொண்டுவந்து சேர்த்தார். நம் காலத்தில் இரண்டாம் யோவான் பவுல் 1984இல் வெளியிட்ட ஒப்புரவு பற்றிய மடலில், ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் இந்த மூத்தவனும் இருக்கிறான் என்று எழுதினார். அமெரிக்கப் போதகர் திமோத்தி கெல்லர் 2008இல் வெளியிட்ட நூலில், மூத்தவனும் இளையவனைப் போலவே தொலைந்தவன்தான், ஒழுக்கத்தின் வழியே தொலைந்தவன் என்று வாதிட்டார். இந்த வாதம் தமிழ்ப் பிரசங்க மேடைகளிலும் கேட்கப்படுகிறது. அதில் உண்மை உண்டு. ஆனால் ‘நீயும் தொலைந்தவன்தான்’ என்பதோடு நின்றுவிட்டால், அவன் எப்படித் தொலைந்தான், அதில் வீட்டாருக்குப் பங்குண்டா என்ற கேள்வி எழுவதே இல்லை.

அந்தக் கேள்வியை எழுப்பியவர் யூத அறிஞர் ஏமி-ஜில் லெவைன். 2014இல் வந்த தம் நூலில் அவர் மூன்று உவமைகளையும் சேர்த்து வாசிக்கிறார். நூறு ஆடு வைத்திருந்தவன் எண்ணிப் பார்த்தான், ஒன்று குறைந்தது தெரிந்தது. பத்துக் காசு வைத்திருந்தவள் எண்ணிப் பார்த்தாள், ஒன்று குறைந்தது தெரிந்தது. இரண்டே பிள்ளைகள் உள்ள தகப்பன் மட்டும் எண்ணவில்லை. விருந்து தொடங்கிவிட்டது, ஒருவன் குறைகிறான் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. 25ஆம் வசனத்தை இந்தக் கண்ணோடு மெல்ல வாசித்துப் பாருங்கள். மூத்தவன் வயலில் இருக்கிறான். வீட்டுக்கு அருகே வரும்போது பாட்டும் ஆட்டமும் காதில் விழுகின்றன. என்ன விசேஷம் என்று அவன் வேலைக்காரன் ஒருவனைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டியிருக்கிறது. தம்பி வந்த செய்தியை அவன் தெரிந்துகொள்வது தகப்பன் வாயிலிருந்து அல்ல. வஸ்திரம் கொண்டுவர ஆள் ஓடியிருக்கிறது, மோதிரத்துக்கு ஓடியிருக்கிறது, பாதரட்சைக்கு ஓடியிருக்கிறது, கன்றைப் பிடித்து அடிக்க ஓடியிருக்கிறது. வயலுக்கு மட்டும் யாரும் ஓடவில்லை. கன்றை அடித்து உரித்துச் சமைத்து, ஊர் கூடி ஆட்டம் தொடங்குவது நொடிப்பொழுதில் நடக்கிற காரியமல்ல. அத்தனை நேரத்திலும் அவனுக்குச் சொல்லிவிட ஒருவரும் நினைக்கவில்லை. கதை சொன்னவர் இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். மூத்தவனை முற்றத்திலேயே நிறுத்தித் தம்பியைக் கண்டு முகம் சுளிக்கவைத்திருந்தாலும் பொறாமைக்காரனின் கதை நிறைவாகவே இருந்திருக்கும். அப்படிச் செய்யாமல் அவனை வயலில் வைத்து, வேலைக்காரனிடம் கேட்டறியவும் வைத்தார். ரெம்பிராந்து தம் கடைசி ஆண்டுகளில் தீட்டிய புகழ்பெற்ற ஓவியத்தில், மூத்தவனாகக் கொள்ளப்படும் மனிதர் தகப்பனும் தம்பியும் தழுவும் இடத்திலேயே, வலப்பக்கம் கைகளைக் கோத்துக்கொண்டு நிற்கிறார். அது ஓவியரின் உரிமை. உவமையில் அவன் அந்தத் தழுவலைப் பார்க்கவே இல்லை.

இனி அவன் பேச்சு. தகப்பனிடம் அவன் பேசுவது ஒரே ஒரு முறை, 29, 30ஆம் வசனங்களில். இளையவன் மூன்று முறை ‘தகப்பனே’ என்று சொல்கிறான். மூத்தவன் ‘இதோ’ என்று தொடங்குகிறான், முறை சொல்லி அழைக்கவே இல்லை. இத்தனை ஆண்டுகளாகத் தான் செய்த வேலையைக் குறிக்க அவன் எடுக்கும் கிரேக்கச் சொல்லுக்கு அடிமையாக உழைத்தல் என்று பொருள். இங்கே நம் மொழிபெயர்ப்புகள் ஒரு நல்ல வாய்ப்பைத் தருகின்றன. 1995இல் வந்த திருவிவிலியம் ‘அடிமை’ என்ற சொல்லையே வைத்திருக்கிறது. பழைய ஐக்கிய மொழிபெயர்ப்பில் நிற்கும் சொல்லோ ‘ஊழியம்’. நம் சபைகளில் மதிப்பு மிகுந்த சொற்களில் ஒன்று அது. பாடகர் குழுவில் பாடுவது ஊழியம், வியாதியஸ்தரைப் போய்ப் பார்ப்பது ஊழியம், கோவிலைக் கூட்டுவதும் ஊழியம். ஒரே கிரேக்கச் சொல் ஒரு பதிப்பில் ஊழியமாகவும் இன்னொன்றில் அடிமைத்தனமாகவும் வருவது பிழையல்ல. வெளியே இருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். காலை நான்கு மணிக்கு எழுவது ஒன்றே, துடைப்பம் ஒன்றே. எந்த நாளில் ஒன்று மற்றொன்றாக மாறியது என்பது செய்கிறவருக்கு மட்டுமே தெரியும், சில வேளை அவருக்கும் தெரிவதில்லை. இந்த இரண்டு சொற்களையும் சபையின்முன் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு நிமிடம் பேசாமல் நின்றாலே பிரசங்கத்தின் பாதி வேலை முடிந்துவிடும்.

ஆட்டுக்குட்டிக் குறைக்கும் ஒரு பின்னணி உண்டு. 12ஆம் வசனத்தைக் கவனித்தால் தகப்பன் ஆஸ்தியை இளையவனுக்கு மட்டும் பிரித்துக் கொடுக்கவில்லை, இருவருக்கும் பங்கிட்டார். உபாகமம் 21:17இன்படி தலைப்பிள்ளைக்கு இரண்டு பங்கு. பிள்ளைகள் இருவர் என்றால் மூன்றில் இரண்டு பங்கு மூத்தவனுக்கு. இளையவன் தன் பங்கைக் காசாக்கிக்கொண்டு போய்விட்டான். ஆகவே வீட்டில் எஞ்சியிருப்பது மூத்தவனுக்குரியது, ஆனால் தகப்பன் உயிரோடிருக்கும்வரை அவன் கைக்கு வராது. ஏறக்குறைய கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா இப்படிப்பட்ட ஏற்பாட்டைப் பற்றிப் பேசுகிறது: எழுதிக் கொடுத்துவிட்டதால் தகப்பன் விற்க முடியாது, தகப்பன் கையில் இருப்பதால் மகனும் விற்க முடியாது, ஆனால் விளைவதைப் பறித்துத் தாம் விரும்பியவருக்கு உண்ணக் கொடுக்கத் தகப்பனுக்கு உரிமை உண்டு. இந்தத் தொகுப்பு இயேசுவின் காலத்துக்குப் பிந்தியது, எனவே இதைச் சட்டமாக அப்படியே கதைக்குள் நுழைக்கக் கூடாது. ஆனாலும் மூத்தவன் எந்த இக்கட்டில் நிற்கிறான் என்பதை இது தெளிவாகக் காட்டுகிறது. பெயருக்கு எல்லாம் அவனுடையது, சிநேகிதரோடு சாப்பிட ஓர் ஆட்டுக்குட்டியைத் தானாகப் பிடிக்க அவனுக்குக் கை வரவில்லை. அடிக்கப்பட்ட கொழுத்த கன்றோ அவனுக்கு வர வேண்டிய மந்தையிலிருந்து போயிற்று. தம்பியின் விருந்துச் செலவு ஒருவகையில் அண்ணன் கணக்கில்தான். பல ஆண்டு தசமபாகம் கொடுத்தவர்கள் இதைக் கேட்டவுடன் புரிந்துகொள்வார்கள். தாங்கள் சேர்த்த பணத்தில் நடக்கும் கூட்டத்தில் தங்களுக்குக் கடைசி வரிசை நாற்காலி.

இவ்வளவும் மூத்தவன் பக்கத்து உண்மை. இதைச் சொன்ன பிரசங்கி, அதே குரலில் அவன் தவறையும் சொல்லக் கடமைப்பட்டவர். இளையவன் சொத்தைத் தாறுமாறாக அழித்தான் என்று மட்டுமே கதை சொல்கிறது. வேசிகள் என்ற பேச்சு வருவது அண்ணன் வாயிலிருந்து. அவனுக்கு அது எப்படித் தெரியும் என்று கதை சொல்லவில்லை. தம்பியை ‘என் சகோதரன்’ என்று சொல்ல அவனுக்கு நா எழவில்லை, ‘உம்முடைய குமாரன்’ என்கிறான். ஒரு வீட்டுக்குள் உறவு முறிவதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது. நம் வீடுகளிலும் சண்டையில் “உன் பிள்ளை செய்ததைப் பார்” என்று தாயிடம் தகப்பன் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். பிறகு, உள்ளே போக மாட்டேன் என்று அவன் வாசலில் நின்றுவிடுகிறான். கவனிக்கப்படாதவன் என்ற நிலை அவன்மேல் வந்து விழுந்தது. வெளியே நிற்பது அவனாகத் தெரிந்துகொண்டது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பும் பிரசங்கம், பக்கம் எதுவானாலும், பிசகிவிடும்.

தகப்பன் குழப்பவில்லை. முதலில் அவர் வெளியே வருகிறார். இளையவனுக்காக ஓடிய அதே கால்கள் மூத்தவனுக்காகவும் வாசல் தாண்டுகின்றன. ஐக்கிய மொழிபெயர்ப்பு இங்கே ‘வருந்தியழைத்தான்’ என்ற அருமையான சொல்லைப் போட்டிருக்கிறது. கிரேக்கத்தில் அந்த வினை தொடர்ந்து நடப்பதைக் குறிக்கும் வடிவத்தில் இருக்கிறது. ஒருதரம் கூப்பிட்டுவிட்டுத் திரும்பவில்லை, கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அடுத்து, அவன் குறையை முழுதும் சொல்லி முடிக்கவிடுகிறார், நடுவில் மறித்துப் பேசவில்லை. மூன்றாவதாக அவனை அழைக்கிறார். கதை முழுவதும் ‘குமாரன்’ என்பதற்கு வரும் கிரேக்கச் சொல் ஒன்று, இங்கே மட்டும் வருவது வேறொன்று, குழந்தையைக் கூப்பிடுகிற வாஞ்சையான சொல். ஐக்கிய மொழிபெயர்ப்பு இங்கே ‘மகனே’ என்று சொல்லை மாற்றி இந்த வேறுபாட்டைக் காப்பாற்றியிருக்கிறது. முறை சொல்லாமல் பேசியவனுக்கு முறை சொல்லியே பதில் தொடங்குகிறது. அதன் பிறகு இரண்டு செய்திகளைச் சொல்கிறார்: நீ எப்போதும் என்னோடு இருக்கிறாய், என்னுடையதெல்லாம் உன்னுடையது. இளையவனை ஏற்றுக்கொண்டதால் மூத்தவனின் உரிமை ஒரு சேர்கூடக் குறையவில்லை என்பதற்கு இது உறுதிமொழி. இவ்வளவும் ஆன பிறகே தம்பியின் பேச்சை எடுக்கிறார், அப்போதும் ‘உன் சகோதரன்’ என்று, அவன் அறுத்த முடிச்சைத் திரும்பப் போடுகிறார். கட்டளை மீறவில்லை என்று அவன் சொன்னதை அவர் மறுக்கவில்லை. ஆட்டுக்குட்டி கொடுக்கவில்லை என்பதையும் மறுக்கவில்லை. ‘நன்றி கெட்டவனே’ என்றோ ‘பொறாமைக்காரனே’ என்றோ ஒரு சொல் இல்லை.

இப்படிப் பிரசங்கிப்பதற்கு வரும் முதல் தடை, அதிகாரத்தின் தொடக்கம். பாவிகளோடு சாப்பிடுகிறாரே என்று பரிசேயரும் வேதபாரகரும் முறுமுறுத்ததற்குப் பதிலாகவே இந்த உவமைகள் சொல்லப்பட்டன. மூத்தவன் அவர்களுடைய சாயல். ஆகவே அவனுக்கு இரங்குவது, இயேசு கண்டிக்க நினைத்தவர்களுக்குப் பரிந்து பேசுவதாகாதா? மூத்தவன் அவர்களைக் குறிக்கிறான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்படியானால் இயேசு அவர்களுக்குக் கொடுத்த பதில் இந்தத் தகப்பன்தான். வேறு இடங்களில் அவர் பரிசேயரை ‘ஐயோ’ என்று கண்டித்ததை இதே லூக்காவின் 11ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். கண்டிக்கத் தெரிந்தவர் இங்கே கண்டிக்காமல் கெஞ்சும் தகப்பனை அனுப்பினார் என்றால் அது தெரிந்தே செய்த தெரிவு. கதையை முடிக்காமல் விட்டதும் அதனால்தான். மூத்தவன் உள்ளே போனானா இல்லையா என்று சொல்லப்படவில்லை. கேட்டுக்கொண்டிருந்த பரிசேயர் சொல்ல வேண்டிய பதில் அது. 25ஆம் வசனத்தை எடுத்துச் சபையைத் திட்டுகிற பிரசங்கி 11ஆம் அதிகாரத்தின் தொனியை 15ஆம் அதிகாரத்துக்குள் கொண்டுவருகிறார்.

இரண்டாவது தடை இதைவிடக் கனமானது. உழைத்தவர்களின் மனக்குறையைப் பேசத் தொடங்கினால் கிருபை கூலிக்கணக்காகிவிடும் என்பார்கள். இதே நற்செய்தியில் இரண்டு அதிகாரம் தள்ளி, 17ஆம் அதிகாரத்தில், உழுதுவிட்டு வயலிலிருந்து வரும் வேலைக்காரனைப் பற்றி இயேசு பேசுகிறார். அவனை எஜமான் உடனே பந்தியிருக்கச் சொல்வானா, நன்றி சொல்வானா என்று கேட்டு, செய்ய வேண்டியதைச் செய்த பிறகும் அப்பிரயோஜனமான ஊழியக்காரர் என்று சொல்லிக்கொள்ளும்படி சீஷருக்குக் கற்பிக்கிறார். வயலிலிருந்து வருகிறவன் அங்கேயும் இருக்கிறான், இங்கேயும் இருக்கிறான். அங்கே அவனுக்கு நன்றி இல்லை, இங்கே கெஞ்சுதல். எதைப் பிரசங்கிப்பது? வேறுபாடு, யார் வாயில் அந்தச் சொல் வைக்கப்படுகிறது என்பதில் இருக்கிறது. 17ஆம் அதிகாரத்தின் சொல் ஊழியன் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது. மூப்பரோ போதகரோ அவனைப் பார்த்துச் சொல்வதற்கு அது கொடுக்கப்படவில்லை. எஜமானர் பக்கத்திலிருந்து வரும் சொல் 12:37இல் இருக்கிறது: விழித்திருந்த ஊழியக்காரரை அவர் பந்தியிருக்கச் செய்து, தாமே இடுப்பைக் கட்டிக்கொண்டு பரிமாறுவார். தவிர, 15ஆம் அதிகாரத்தில் தகப்பன் மூத்தவனுக்குக் கூலி எதுவும் பேசவில்லை. நீ இவ்வளவு உழைத்ததால் இது உனக்கு என்று சொல்லவில்லை. எல்லாம் உன்னுடையது என்கிறார், அது உழைப்பினால் வந்ததல்ல, மகனாயிருப்பதால் வந்தது. அடிமைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன் கையிலிருந்து அந்த நோட்டையே வாங்கிவிடுகிறார். கிருபை அங்கே குறையவில்லை, இரண்டாவது பிள்ளைக்கும் நீள்கிறது.

மூன்றாவது தடையை எழுப்புகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள், அதைக் கவனமாகக் கேட்க வேண்டும். வீட்டிலிருந்தவர்கள் சிலருக்கு இளையவனால் நேர்ந்தது வெறும் மனக்கசப்பு அல்ல, உண்மையான நஷ்டம். குடித்துச் சொத்தை அழித்த தம்பி, நகையை அடகுவைத்து ஓடிய கணவன், சபைப் பணத்தைக் கையாடிவிட்டு மனந்திரும்பியதாக மேடையேறியவர் எல்லாரும் உண்டு. இவர்களால் அடிபட்டவரிடம் ‘உள்ளே வந்து விருந்தில் கலந்துகொள்’ என்பது வாயை மூடு என்பதற்கு இன்னொரு பெயராகிவிடலாம். இது சரியான எச்சரிக்கை. உவமையின் எல்லையையும் இது காட்டுகிறது. தகப்பன் இளையவனுக்கு வஸ்திரமும் மோதிரமும் விருந்தும் கொடுத்தார். ஆஸ்தியை மறுபடியும் பங்கிட்டார் என்று எங்கேயும் இல்லை, மூத்தவனின் பங்கு முழுதாய் நிற்கிறது என்றுதான் இருக்கிறது. திரும்பி வந்தவரை வரவேற்பது வேறு, அவர் கையில் மறுபடியும் கணக்குப் புத்தகத்தைக் கொடுப்பது வேறு. கொடுமைக்கு ஆளானவர் எதிராளியோடு ஒரே பந்தியில் உட்கார வேண்டும் என்பதற்கு இந்தப் பகுதியை ஆதாரமாக்கவும் கூடாது. இங்கே மூத்தவன் சொல்லும் நஷ்டம் ஆட்டுக்குட்டியும் கன்றும், அதற்கு மேல் அவன் எதையும் சொல்லவில்லை. பிரசங்கி இதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால், அதைக் கேட்க வேண்டிய ஒருத்தி மனம் உடைந்து எழுந்து போவாள்.

சரி, மேடையில் இதை எப்படி அமைப்பது? இந்தப் பகுதி கத்தோலிக்கத் திருச்சபையிலும், பொது வாசக அட்டவணையைப் பின்பற்றும் சபைகளிலும் மூன்றாண்டுச் சுற்றின் மூன்றாம் ஆண்டில் தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு வருகிறது. முழு உவமையும் ஒரே நாளில் வாசிக்கப்படுவதால் இளையவன்தான் நேரத்தை எடுத்துக்கொள்வான். முடிந்தால் மூத்தவனுக்கு ஒரு தனி ஞாயிறு ஒதுக்குவது நல்லது, இல்லாவிட்டால் இளையவனை ஐந்து நிமிடத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடலாம், அவன் கதை எல்லாருக்கும் தெரியும். பிரசங்கத்தை வயலில் தொடங்க வேண்டும். வேலை முடிந்து வருகிறவனின் காதில் முதன்முதலாகச் சத்தம் விழும் இடம் அது. யார் யாருக்காக ஆள் ஓடியது, யாருக்கு ஓடவில்லை என்பதை நிதானமாகச் சொல்லலாம். அந்த இடத்தில் சபையில் ஒரு அமைதி வரும். அது தங்களை யாரோ பார்த்துவிட்டார்கள் என்கிற அமைதி. அதைக் கலைத்துவிட்டு உடனே கண்டிக்கத் தாவக் கூடாது. பிறகு அவன் பேச்சை முழுதாக வாசித்து, ஊழியம், அடிமை என்ற இரு சொற்களை வைத்து, ‘உம்முடைய குமாரன்’ என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். இதற்குள் கேட்பவர் தாமாகவே தம்மைப் பார்க்கத் தொடங்கியிருப்பார். அதன்பின் தகப்பன் வெளியே வருகிறார், ‘மகனே’ என்கிறார். தம்பியின் பெயரைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும். முடிவில் மூத்தவனை உள்ளே அழைத்துப்போய் உட்காரவைத்துக் கதையைப் பிரசங்கி முடித்துவைக்கக் கூடாது. கர்த்தர் முடிக்காததை நாம் முடிக்க வேண்டியதில்லை. தகப்பன் இன்னும் வெளியில் நின்று பேசிக்கொண்டிருக்கிறார் என்ற இடத்தில் நிறுத்தினால் போதும்.

இது எங்கே பிசகும் என்பதையும் சொல்ல வேண்டும். கண்டிப்பு ஒரு பிசகு என்றால் புகழ்ச்சி அதற்கு எதிர்ப்பக்கப் பிசகு. மூத்த ஊழியர்களை முன்னே அழைத்துப் பொன்னாடை போர்த்தி, கேடயம் கொடுத்து, நிழற்படம் எடுத்துவிட்டால் குறை தீர்ந்தது என்று பல சபைகள் நினைக்கின்றன. அதைத் தவறென்று சொல்ல மாட்டேன், ஆனால் அது ஆட்டுக்குட்டி. மூத்தவன் கேட்டது ஆட்டுக்குட்டி, தகப்பன் கொடுத்ததோ ‘நீ என்னோடு இருக்கிறாய்’ என்ற சொல். பொன்னாடை பெற்றவரிடம் அடுத்த வாரம் யாரும் போய் உட்கார்ந்து பேசவில்லை என்றால் கசப்பு முன்பைவிட அதிகமாகும். இன்னொரு பிசகைக் கோவில் வாசலில் கண்டுகொள்ளலாம். ஆராதனை முடிந்து கைகுலுக்கும்போது, “ஐயா, இன்னைக்கு அவங்களுக்குச் சரியான அடி” என்று யாராவது மகிழ்ச்சியோடு சொன்னால், பிரசங்கம் மூத்தவனைக் குணமாக்கவில்லை, புதிதாக ஒரு மூத்தவனை உண்டாக்கியிருக்கிறது. அதற்குக் காரணம் பெரும்பாலும் பிரசங்கி வயலை விட்டுவிட்டு நேரே கோபத்துக்கு வந்ததுதான். மாறாக, யாரோ ஒருவர் எல்லாரும் போகும்வரை காத்திருந்து, “ஐயா, ஒரு விஷயம் பேசணும்” என்று தயங்கினால், அல்லது பல மாதமாகப் பேசாத இருவர் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தால், சொல் போய்ச் சேர்ந்திருக்கிறது.

பிரசங்கிப்பவரும் பெரும்பாலும் மூத்த மகன்தான். நெதர்லாந்துக் குருவானவர் ஹென்றி நௌவன், ரெம்பிராந்து ஓவியத்தைப் பற்றி 1992இல் வெளியிட்ட நூலில், முதலில் தம்மை இளையவனாகவே பார்த்ததாகவும், நீ மூத்தவனைப் போல இருக்கிறாயே என்று நண்பர் ஒருவர் சொன்ன பிறகுதான் தம் வாழ்நாள் முழுவதும் ஒளிந்திருந்த கசப்பு தெரிந்ததாகவும் எழுதியிருக்கிறார். அவர் வீட்டுக்கும் தலைப்பிள்ளை. வேறொரு சபைக்குக் கூட்டம் பெருகும்போது, நேற்று வந்தவர் பெயர் சுவரொட்டிகளில் பெரிதாக அச்சிடப்படும்போது, இருபது ஆண்டாகச் சிறு சேகரம் ஒன்றில் அடக்க ஆராதனையும் ஞானஸ்நானமும் நடத்திவரும் போதகருக்கு 29ஆம் வசனம் அந்நியமாயிருக்காது. அதை மேடையில் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று அவசியமில்லை. ஆயத்தம் செய்யும் அறையில் ஒப்புக்கொண்டவருக்குக் குரல் தானாகத் தாழும்.

ஒரு வேண்டுகோள் போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும். இந்தப் பகுதியைப் பிரசங்கிக்கிற வாரத்துக்கு முன்பே, உங்கள் சபையின் பழைய வருகைப் பதிவையும் ஊழியர் பட்டியலையும் எடுத்து, பத்து ஆண்டுக்கு மேல் ஒரே வேலையைச் செய்துவருகிறவர்களின் பெயர்களை எழுதுங்கள். அவர்களில் யாருடைய வீட்டுக்கு, வியாதியோ மரணமோ இல்லாமல், சும்மா பார்க்கவென்று கடைசியாக எப்போது போனீர்கள் என்று ஒவ்வொரு பெயருக்கும் எதிரே குறியுங்கள். எந்தப் பெயருக்கு எதிரே எழுத ஒன்றுமில்லையோ, ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னே அந்த வீட்டுக்கு முதலில் போய்விட்டு வாருங்கள்.